குன்னூரிலிருந்து போகும் மெயிலில் குசும்பு ஏன் எடுபடுவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களிலும், ஏற்றுமதிக் கம்பெனிகளிலும், வெளிநாட்டு விருந்தினருக்கு அறை விடும் வீடுகளிலும் மெயில் எழுதுபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மெயில்கள் ஆங்கிலத்தில் போனவை. அவற்றின் வரிகளை இங்கே தமிழில் கொடுத்திருக்கிறோம்.

போன்ல சொன்னா சிரிக்கிறாங்க. அதையே மெயில்ல எழுதினா கோவிச்சுக்கிறாங்க. ஏன்ங்க?

போனில் உங்கள் குரலும் சேர்ந்து போகிறது. "ரொம்ப சீக்கிரம் அனுப்பிட்டீங்க" என்று சொல்லும்போது "ரொம்ப" கொஞ்சம் நீளும், கடைசியில் குரல் இறங்கும். சொல்லுக்கு நேர் எதிரான பொருள் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. மெயிலில் இழுப்பு போய்விடுகிறது. சொல் மட்டும் நிற்கிறது. படிப்பவருக்கு அது பாராட்டு, இல்லையென்றால் காரணம் புரியாத ஒரு குத்தல்.

இதை ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சில வாக்கியங்களை நேராகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்ல வேண்டும். எது கிண்டல் என்று எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். தாங்கள் சொல்வதில் 100-க்கு 78 சரியாகப் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 பங்கு சரியாகச் சொன்னார்கள். மெயிலில் படித்தவர்கள் சொன்னது 56 பங்குதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஒரே நாடு, ஒரே மொழி.

எழுதுகிறவருக்கு இது தெரியாமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. எழுதும்போது அவர் தன் குரலை மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட, மற்றவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவரின் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவருக்கு மேசைச் சத்தம் மட்டும்தான். மெயிலில் கிண்டல் எழுதுவதும் அதே மாதிரி.

அப்ப தமிழ்ல வாட்ஸாப்ல எழுதினா மட்டும் எப்படிப் புரியுது?

தமிழில் கிண்டலுக்கென்றே உருபுகள் இருக்கின்றன. "வந்துட்டாராக்கும்" என்பதில் "ஆக்கும்" ஒட்டியவுடனே தொனி மாறிவிடுகிறது. "நல்லா இருக்கு", "நல்லாத்தான் இருக்கு" இரண்டுக்கும் நடுவில் அந்தத் "தான்" செய்யும் வேலை பெரிது. "மேனேஜராம்" என்பதில் உள்ள "ஆம்", "ஆமாமா" என்ற இரட்டிப்பு, முன்னால் வரும் "அடேங்கப்பா" எல்லாம் எழுத்திலேயே தெரிகிற அடையாளங்கள். குரல் இல்லாவிட்டாலும் இவை பாதியைத் தாங்கிக்கொள்ளும்.

மலைக்குக் கீழே மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் பக்கத்துக் குசும்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முகத்தில் சிரிப்பே இருக்காது. "ங்க" போட்டு மரியாதையாகப் பேசியபடியே காலை வாருவார்கள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க" என்றால், சொல்லப்பட்டவருக்கு எங்கே அடி விழுந்தது என்று உடனே தெரியும். இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதும்போது "தான்" விழுந்துவிடுகிறது. "ங்க" வெறும் "சார்" ஆகிவிடுகிறது. மிஞ்சுவது "நீங்கள் சொல்வது சரி, சார்" என்ற ஒப்புதல் மட்டும். விலை பற்றிய மெயிலில் இப்படி ஒரு வரி போனால், எதிராளி சொன்ன விலைக்கு நீங்கள் ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். நம் அலுவலகங்களில் அதிகம் காசைக் கரைக்கும் வரி எங்கள் கணக்கில் இதுதான்.

உருபு இல்லாமலும் தமிழில் கிண்டல் செய்யலாம். பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில், அதியமானுக்காகத் தூது போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்க்கிறார். இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். மேலோட்டத்தில் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. போர் செய்யாத ஆயுதம்தான் பளபளக்கும் என்பது அவனுக்குத் தெரியும் என்பதால் உள்ளே இருக்கும் அடி போய்ச் சேர்கிறது. ஆயுதம் எப்படித் தேயும் என்று தெரியாத ஒருவர் அதைப் படித்தால், அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரு விஷயத்தின் மேல்தான் கிண்டல் நிற்கிறது. வேறு நாட்டுக்காரரிடம் அந்தப் பொது விஷயம் குறைவு.

சாம்பிள் ஏன் வரலைன்னு ஹாம்பர்க் பார்ட்டி கேட்டார். சின்னதா ஒரு ஜோக் எழுதினேன். இப்ப ரயில் நம்பர் கேட்டு மெயில் வந்திருக்கு. எங்கே தப்பு?

கேள்வியோடு வந்த வரி இது: "சாம்பிள் கிளம்பிவிட்டது. எங்கள் மலை ரயிலில்தான் ஏற்றியிருக்கிறோம், அதனால் பொங்கலுக்குள் கட்டாயம் உங்கள் கைக்கு வந்துவிடும்."

இது எழுதப்பட்டது நவம்பரில். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரிந்து, கூரியர் வண்டி இரண்டு நாளாக மேலே வரவில்லை. உண்மை அவ்வளவுதான். அது அந்த மெயிலில் எங்கேயும் இல்லை.

குன்னூரில் இதைப் படிப்பவர் சிரிப்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏற அந்த ரயிலுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கல்லாறைத் தாண்டினால் பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறும். வெளிநாட்டு பார்சலை யாரும் அதில் ஏற்றமாட்டார்கள் என்பதும் தெரியும். பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது, அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்பதும் தெரியும். இந்த மூன்றும் தெரிந்திருந்தால்தான் "தாமதத்துக்கு எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது" என்ற உட்பொருள் பிடிபடும்.

ஹாம்பர்க்கில் இருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. அவர் படித்தது மூன்று தகவல்கள்: பார்சல் கிளம்பிவிட்டது, ரயிலில் போகிறது, பொங்கல் என்ற நாளுக்குள் வந்து சேரும். பொங்கல் எப்போது என்று தேடினால் ஜனவரி நடுப்பகுதி என்று வரும். அதை அவர் தன் வேலைக் குறிப்பில் எழுதிக்கொள்வார். சுவை பார்ப்பதற்குக் குறித்த நாளை ஜனவரி கடைசிக்குத் தள்ளுவார், இல்லையென்றால் அத்தனை நாள் காத்திருக்க முடியாது என்று வேறு தோட்டத்தின் சாம்பிளைக் கேட்பார். ரயில் எண்ணையும் சரக்கு ரசீதையும் கேட்டு எழுதியது இருப்பதிலேயே நல்ல முடிவு. கேட்டதால்தான் தவறு வெளியே வந்தது.

இன்னும் ஒன்று. "கிளம்பிவிட்டது" என்பது அந்த மெயிலில் பொய்யான தகவல். ஜோக்கின் முதல் பாதியாக மனதில் வந்த சொல் அது. பின்னால் உண்மை தெரியவரும்போது ஜோக் தவறாகிப் போனதாக அவருக்குத் தோன்றாது. அனுப்பாத பார்சலை அனுப்பியதாகச் சொன்ன கம்பெனி என்றுதான் தோன்றும்.

அதே மெயிலை இப்படி எழுதலாம்: "சாம்பிள் இன்னும் குன்னூரில் இருக்கிறது, மன்னிக்கவும். மழையில் மண் சரிந்து மலைச்சாலை இரண்டு நாள் மூடியிருந்தது. நாளை, வியாழன் 14 நவம்பர், கூரியர் வருகிறது. 100 கிராம் வீதம் மூன்று சாம்பிள்கள் அதில் போகும். கண்காணிப்பு எண்ணை நாளை மாலை உங்கள் நேரம் 4 மணிக்குள் அனுப்புகிறேன்." கடைசியில் ஒரு லேசான வரி வேண்டுமென்றால், "ஜன்னலுக்கு வெளியே இரண்டு நாளாக மலை தெரியவில்லை, மேகம் மட்டும்தான் தெரிகிறது" என்று எழுதுங்கள். அந்த வரியை அப்படியே நம்பினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை, அது உண்மையும்கூட.

ஜெர்மன்காரங்களுக்கு ஹியூமரே கிடையாதாமே?

தப்பு. அரசியல்வாதிகளை மேடையில் கிண்டல் செய்யும் கபரெட் என்ற கலை அங்கே நூறு வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. வேலை மெயிலை அவர்கள் அதற்கான இடமாக நினைப்பதில்லை. அங்கே எழுதப்பட்ட சொல் எழுதப்பட்ட பொருளிலேயே எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் மெயிலையும் அப்படிப் படிப்பது உங்கள் வார்த்தைக்கு அவர்கள் தரும் மரியாதை.

நெதர்லாந்திலிருந்து வரும் விருந்தினர், டிசம்பரில் குளிருமா என்று கேட்டார். "இல்லை, ஃபேன் இல்லாமல் தூங்கவே முடியாது" என்று எழுதினோம். அவர் ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிட்டார்.

இந்தியா என்றால் வெப்பம் என்று நம்பிக்கொண்டு வருபவர் அவர். உங்கள் பதில் அந்த நம்பிக்கையோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கேட்பவருக்கு ஏற்கனவே இருக்கும் தவறான எண்ணத்தோடு ஒத்துப்போகும் கிண்டல்தான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அவருக்குச் சந்தேகமே வராது. "டிசம்பர், ஜனவரி இரவில் உதகையில் பூஜ்ஜியம் டிகிரி வரைக்கும் இறங்கலாம், தலைக்குந்தா பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கும், அறையில் ஹீட்டர் இருக்கிறது அல்லது இல்லை" என்று எழுதினால் போதும்.

"எங்க டீ ஒண்ணும் விஷம் இல்லீங்க"ன்னு தமாஷாத்தான் எழுதினேன். லேப் ரிப்போர்ட் கேக்குறாங்க.

நம் பேச்சில் இப்படி "இல்லை" போட்டு நல்லதைக் குறிப்பது சாதாரணம். "மோசமில்லை" என்றால் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் தேயிலை உணவுப்பொருள். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் தேயிலையில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய சரக்கை இறக்குமதி செய்பவர் விற்க முடியாது. அந்தத் தொழிலில் இருப்பவர் "விஷம்" என்ற சொல்லைப் பார்த்ததும், அது எந்தத் தொனியில் வந்தாலும், மெயிலைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அங்கே படிப்பவருக்கு உங்களைத் தெரியாது. "எச்சம் பற்றி அவர்களே பேச்சை எடுக்கிறார்கள்" என்றுதான் அவர் குறித்துக்கொள்வார்.

கேட்ட ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுங்கள். "அது தமாஷ், ரிப்போர்ட் தேவையில்லை" என்று எழுதினால் சந்தேகம் கூடும். இனிமேல் விஷம், கலப்படம், பூச்சி, அழுகல், தூசி ஆகிய சொற்களைத் தேயிலை பற்றிய மெயிலில் தமாஷுக்காகத் தொடவேண்டாம். டஸ்ட் என்பது நமக்கு ஒரு கிரேடின் பெயர். ஹோட்டல்காரருக்கோ பரிசுக் கடைக்காரருக்கோ எழுதும்போது அதையும் கிரேடு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

லண்டன் பையர் "சற்றே ஏமாற்றமாக இருந்தது"ன்னு எழுதினார். சற்றுதானேன்னு விட்டுட்டோம். அடுத்த ஆர்டரே வரலை.

இது எதிர்த் திசையில் நடக்கும் அதே தவறு. ஆங்கிலேயர்கள் குறைத்துச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். "சற்றே ஏமாற்றம்" என்று ஒருவர் எழுத்தில் கொடுத்தால் அது முழுப் புகார். "மோசமில்லை" என்றால் உண்மையாகவே பிடித்திருக்கிறது. "உரிய மரியாதையோடு சொல்கிறேன்" என்று தொடங்கினால் அவர் உங்களோடு உடன்படவில்லை. "குயிட் குட்" என்பதை நாம் "ரொம்ப நல்லது" என்று படிக்கிறோம். அங்கே பல சமயம் "பரவாயில்லை, அவ்வளவுதான்" என்று பொருள்.

அவர்களுடைய கிண்டலும் நமக்கு இப்படித்தான் வருகிறது. "இன்னும் ஒரு வாரம் சாம்பிள் இல்லாமல் எப்படியோ உயிர் பிழைத்துக்கொள்வேன்" என்று எழுதினால், ஒரு வாரம் அவகாசம் கிடைத்தது என்று அலுவலகத்தில் நிம்மதி அடைகிறார்கள். அவர் சொன்னது பொறுமை தீர்ந்துவிட்டது என்பது. எந்தப் பொருள் என்று பிடிபடாவிட்டால், தொனியைப் பற்றிக் கேட்காதீர்கள், விஷயத்தைக் கேளுங்கள். "கோப்பையில் குறை எங்கே: நிறத்திலா, வாசனையிலா, பிரிஸ்க்னஸ் குறைவா? இலையில் தண்டு அதிகமா?" என்று கேட்டால், டேஸ்டர்கள் அதற்கு நேராகவே பதில் சொல்வார்கள். சுவை பார்ப்பவர்களின் சொற்கள் இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருப்பது இந்தத் தொழிலின் அதிர்ஷ்டம்.

ஒரு ஸ்மைலி போட்டுட்டா போதாதா?

அந்த வேலைக்காகத்தான் அது பிறந்தது. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், கம்ப்யூட்டரில் எழுதும் தமாஷை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க `:-)` போடலாம் என்று யோசனை சொன்னார். ஆனால் நீங்கள் தமாஷ் செய்தீர்கள் என்று மட்டும்தான் அது சொல்லும். என்ன தமாஷ், யாரைப் பற்றி என்று சொல்லாது. குத்தலான வரிக்குப் பின்னால் வந்தால், குத்திவிட்டுச் சிரிப்பதாகத் தெரியும்.

முகமே நாட்டுக்கு நாடு வேறாகப் படிக்கப்படுகிறது. ஜப்பானியச் சிரிப்பு `(^_^)` கண்ணில் இருக்கிறது. மேற்கத்தியச் சிரிப்பு `:-)` வாயில். மசாகி யூகியும் அவருடைய சகாக்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியைக் கண்டுபிடிக்க ஜப்பானியர்கள் கண்ணுக்கும் அமெரிக்கர்கள் வாய்க்கும் அதிக எடை கொடுப்பது தெரிந்தது. அதனால், நீங்கள் போட்ட வாய் வளைவு டோக்கியோவில் அதே அளவு சிரிக்காமல் போகலாம்.

கட்டைவிரல் குறியில் இன்னும் கவனம் வேண்டும். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தின் படத்தைப் போனில் அனுப்பியதற்கு விவசாயி ஒருவர் 👍 மட்டும் பதிலாக அனுப்பினார். "பார்த்தேன்" என்பதற்காகத்தான் போட்டேன் என்றார். 2023-ல் நீதிமன்றம் அதைக் கையெழுத்துக்குச் சமமான ஒப்புதல் என்று தீர்ப்புச் சொன்னது. சரக்குக் கொடுக்காததற்கு அவர் 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. விலையும் எடையும் உள்ள செய்திக்குக் குறியால் பதில் போடாதீர்கள்.

ஜப்பானுக்கு எழுதும்போது நம்ம சரக்கை நாமே தாழ்த்திச் சொல்றது நல்லதுன்னு கேள்விப்பட்டேன்.

பரிசு கொடுக்கும்போது "ஒன்றுமில்லாத பொருள்தான்" என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு, உண்மைதான். அது ஒரு சடங்குச் சொல். எங்கே சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விலை போட்ட சாம்பிள் பட்டியலில் அதே அடக்கத்தைத் தமாஷாகச் சேர்த்தால் அது தரத்தைப் பற்றிய வாக்குமூலம் ஆகிவிடும். ஜப்பானிய வணிக மெயில் வழக்கமான வரிகளோடு தொடங்கி வழக்கமான வரிகளோடு முடியும். எப்போதும் உங்கள் ஆதரவில் இருக்கிறோம் என்ற முதல் வரியைக்கூட விடமாட்டார்கள். தமாஷ் அதில் உட்கார இடமே இல்லை. நேரில் வந்து தேநீர் பருகும்போது அதற்கு நேரம் கிடைக்கும்.

பத்து வருஷப் பழக்கம். அவருக்கும் எழுதக் கூடாதா?

நேரில் பழகியவர் என்றால் உங்கள் முகமும் குரலும் அவருக்கு நினைவிருக்கும், கொஞ்சம் உதவும். ஆனால் அதை அதிகம் நம்பவேண்டாம். முதலில் சொன்ன 2005 ஆய்வில் நண்பர்களுக்குள் எழுதியதையும் முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதியதையும் ஒப்பிட்டார்கள். பழக்கத்தால் புரிதல் கூடவில்லை.

இன்னொரு சங்கடம், மெயில் அவரோடு நின்றுவிடுவதில்லை. சரக்கு விஷயமான மெயில் கணக்குப் பிரிவுக்கும், கிளியரிங் ஏஜென்ட்டுக்கும், சில சமயம் வங்கிக்கும் ஃபார்வர்டு ஆகும். ஆறு மாதம் கழித்து ஒரு தகராறு வந்தால், உங்களைப் பார்த்தே இராத ஒருவர் அதை மேலிருந்து கீழாகப் படிப்பார். பழகியவருக்கு எழுத ஆசைப்பட்டால் தனி மெயிலாக எழுதுங்கள். இன்வாய்ஸ் இணைத்த மெயிலில் வேண்டாம்.

அப்ப வறட்டுத்தனமாத்தான் எழுதணுமா? அதுவும் கோபமா இருக்கறதா நினைக்க மாட்டாங்களா?

நினைப்பார்கள், உங்கள் பயம் சரி. கிறிஸ்டின் பைரன் 2008-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்குகிறார்: அன்பாக எழுதிய மெயில் சாதாரணமாகத் தெரிகிறது, சாதாரணமாக எழுதியது கடுமையாகத் தெரிகிறது. மெயிலில் எல்லாமே ஒரு படி கீழே இறங்கிப் படிக்கப்படுகிறது. இதனால்தான் பலர் சூட்டைக் கூட்ட ஜோக்கைச் சேர்க்கிறார்கள்.

அன்பை மறைபொருளாகச் சொல்லாமல் நேராகவே சொல்லிவிடுங்கள். அதுவும் குறிப்பாக. "உங்கள் மெயிலுக்கு நன்றி" என்பதற்கு எடை இல்லை. "இலையின் படத்தோடு குறையைக் காட்டியதற்கு நன்றி, ரோலிங்கில் எங்கே பார்க்க வேண்டும் என்று அதனால்தான் தெரிந்தது" என்பது எந்த நாட்டிலும் அன்பாகவே படிக்கப்படும். நகைச்சுவை வேண்டுமென்றால், சொல்லும் பொருளும் ஒன்றாகவே இருக்கும் வகையை எடுங்கள்: மூடுபனி, மழை, காட்டெருமை தோட்டத்து வழியில் படுத்துக்கொண்டு வண்டியை விடாமல் இருந்தது. அது நிஜமாக நடந்திருக்க வேண்டும். அப்படியே நம்பினாலும் சுவையாக இருக்க வேண்டும். அதில் யாரும் குறைபடக் கூடாது.

அனுப்பறதுக்கு முன்னாடி எப்படிச் சரிபார்க்கறது?

இரண்டு சோதனை போதும். முதலாவது, மெயிலைத் தவறான தொனியில் வாய்விட்டுப் படிப்பது. கிண்டலாக எழுதிய வரியைக் கோர்ட்டு அமீனா நோட்டீஸ் வாசிப்பது போலப் படியுங்கள். நேராக எழுதிய வரியை எரிச்சலோடு படியுங்கள். அந்த 2005 ஆய்விலேயே, தாங்கள் நினைத்ததற்கு எதிரான தொனியில் வாய்விட்டுப் படித்தவர்களுக்கு "கட்டாயம் புரிந்துவிடும்" என்ற அதீத நம்பிக்கை குறைந்தது. மனதுக்குள் படித்தால் பலன் இல்லை. காதில் விழ வேண்டும்.

இரண்டாவது, தமாஷ் வரியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் படிப்பது. தேதி, எடை, விலை, யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அப்படியே நிற்கிறதா? நின்றால் அந்த வரி அலங்காரம். வைப்பதா எடுப்பதா என்பது உங்கள் விருப்பம். ஏதாவது ஒரு தகவல் அதோடு சேர்ந்து போய்விட்டால், மலை ரயில் மெயில் மாதிரி, தகவலை ஜோக்குக்குள் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை வெளியே எடுத்துத் தனி வாக்கியமாக எழுதுங்கள்.

ஏற்கனவே அனுப்பியாச்சு. தப்பா எடுத்துக்கிட்டாரான்னு எப்படித் தெரியும்? என்ன பண்றது?

கோபம் என்று யாரும் எழுதமாட்டார்கள். அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். போன மெயில் வரை பெயர் சொல்லி அழைத்தவர் திடீரென்று "மிஸ்டர்" போட்டுக் குடும்பப் பெயரால் அழைப்பார். நகல் வரிசையில் அவருடைய மேலாளர் சேர்ந்திருப்பார். உங்கள் ஜோக்கையே எடுத்து எழுதி "தயவுசெய்து தெளிவுபடுத்தவும்" என்று கேட்பார். இல்லையென்றால், ஒரே நாளில் பதில் போடுகிறவர் நான்கு நாளாகப் பேசாமல் இருப்பார்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே திருத்தம் அனுப்புங்கள். முதலில் உண்மைத் தகவல், எண்ணோடும் தேதியோடும். அடுத்து ஒரே ஒரு வரி: "என் முந்தைய மெயிலில் ரயில் பற்றி எழுதியது தகவல் இல்லை, தெளிவாக எழுதாததற்கு மன்னிக்கவும்." அதோடு நிறுத்திவிடுங்கள். ஜோக்கை விளக்க உட்கார்ந்தால் மெயில் நீளும். படிப்பவருக்குத் தனக்குத்தான் புரியவில்லை என்று குத்திக்காட்டுவது போல ஆகும். "நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்ற வாக்கியம் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

நகலில் மூன்றாவது ஆள் சேர்ந்திருந்தால் திருத்தமும் அவருக்குப் போகட்டும். விஷயம் விலையோ தரமோ என்றால் மெயிலோடு போனும் செய்யுங்கள். ஜெர்மனி குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. இங்கிலாந்து குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. குன்னூரில் மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டால் எந்தப் பருவத்திலும் இரண்டு ஊரிலும் காலை வேளை. ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நம் நேரம் காலை பத்து மணிக்குள் பேசிவிடுங்கள். அங்கே அப்போது மதியம் ஒன்றரை.